மரணக் கிணற்றில் பைக் விழாமல் இருக்கக் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு?

"சார், வேலந்தாவளம் பக்கம் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தேன். பிளஸ் டூ புத்தகச் சூத்திரத்தில் 4.5 மீட்டர் ஆரமும் உராய்வுக் குணகம் 0.6-ம் போட்டால் மணிக்கு 31 கி.மீ. வருகிறது. ஓட்டுகிறவரிடம் கேட்டேன், நாற்பத்தைந்துக்குக் கீழே போகவே மாட்டேன் என்றார். சூத்திரம் தப்பா, அவர் பயப்படுகிறாரா?"

சூத்திரமும் தப்பில்லை, அவரும் பயந்தவர் இல்லை. நீங்கள் சூத்திரத்தில் போட்ட ஆரம்தான் கொஞ்சம் தப்பு. நீங்கள் கணக்கிட்ட வேகமும் அவர் சொல்லும் வேகமும் ஒரே இடத்து வேகம் அல்ல. அப்புறம் அந்த 0.6 இருக்கிறதே, அது சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்த மாதிரி எட்டு மணிக்கு இருக்காது. இந்த மூன்றையும் சரிசெய்தால் அவர் சொன்ன நாற்பத்தைந்து எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

நானும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 'உராய்வு' என்று எழுதுவார்கள், மீதிப் பாதி மலையாளத்தில் 'கர்ஷணம்' என்பார்கள். ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு பக்கத்தாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பைக் வேகமாகப் போகப் போக உராய்வு விசை கூடுகிறது, அதனால்தான் விழவில்லை என்று எழுதுவார்கள். கூடுவது உராய்வு விசை இல்லை. பைக் ஒரே உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் சமம். கீழே இழுப்பது எடை, mg. மேலே தாங்குவது உராய்வு. ஆகவே வேகம் முப்பதாக இருந்தாலும் அறுபதாக இருந்தாலும் உராய்வு விசை mg-தான், ஒரு நியூட்டன்கூடக் கூடாது. கூடுவது அதன் உச்ச வரம்பு. சுவர் பைக்கை உள்நோக்கித் தள்ளும் விசையை N என்று வைத்தால், உராய்வு அதிகபட்சம் μN வரை தாங்கும். அந்த N-தான் பைக்கை வட்டத்தில் திருப்புகிற மையநோக்கு விசையும்கூட, N = mv²/r. வேகம் கூடினால் N கூடும், உராய்வு தாங்கக்கூடிய அளவும் கூடும். தாங்க வேண்டிய பாரம் மட்டும் அப்படியே இருக்கும்.

வீட்டில் ஒரு நோட்டைச் சுவரில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். லேசாக அழுத்தினால் சரியும். கொஞ்சம் பலமாக அழுத்தினால் நிற்கும். இன்னும் பலமாக அழுத்தினால் நோட்டு மேலே ஏறிப் போகிறதா? இல்லை, அதே இடத்தில்தான் நிற்கிறது. கை வலிக்கிறது, அவ்வளவுதான். அங்கே உங்கள் கை செய்கிற வேலையைக் கிணற்றில் வேகம் செய்கிறது.

வழுக்குகிற எல்லையில் μN = mg. N-க்கு mv²/r போட்டால் m இரண்டு பக்கமும் அடிபட்டு, நீங்கள் எழுதிய

v = √(gr/μ)

கிடைக்கும். நிறை அடிபடுவதால் ஒல்லியானவர் ஓட்டினாலும் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டினாலும் எல்லை வேகம் மாறாது. மாருதி காரை ஏற்றுகிறார்களே, அதற்கும் இதே சூத்திரம்தான். நிறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது சுவரைக் கட்டியவர். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி ஆரம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

அடுத்த முறை மேலே நின்று பார்க்கும்போது பைக்கை மட்டும் பார்க்காமல் ஓட்டுகிறவரின் தலையைப் பாருங்கள். படங்களில் வரைவதுபோல அவர் சுவருக்கு நேர்ச் செங்குத்தாக, தரைக்கு இணையாகப் படுத்துக்கொண்டு போகிறவர் அல்ல. சக்கரம் சுவரைத் தொடும் இடத்தைவிடத் தலை கொஞ்சம் மேலே இருக்கும். சுவரில் அறைந்த ஆணி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்தமாதிரி. பந்தாவுக்காகச் செய்வதல்ல. அப்படிச் சாயாவிட்டால் அவரால் ஒரு சுற்றுகூடப் போக முடியாது.

காரணம் எளிது. சுவர் சக்கரத்துக்குக் கொடுப்பது இரண்டு விசைகள்: உள்நோக்கி N, மேல்நோக்கி உராய்வு f. இரண்டும் தொடுபுள்ளியில், அதாவது டயரின் ஓரத்தில் செயல்படுகின்றன. பைக்கும் ஆளும் சேர்ந்த நிறை மையமோ டயரிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சரியாகத் தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் N நிறை மையம் வழியாகப் போய்விடும், அதனால் திருப்பம் இல்லை. ஆனால் மேல்நோக்கிய f டயரைத் தூக்கி, தலையைக் கீழே கவிழ்க்கப் பார்க்கும். இதைச் சமன்செய்ய N-க்கும் கொஞ்சம் திருப்பு வேலை கொடுக்க வேண்டும். நிறை மையம் தொடுபுள்ளியைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் அது நடக்கும். N-ம் f-ம் சேர்ந்த தொகுவிசை நிறை மையம் வழியாகவே போகும் சாய்வில்தான் பைக் கவிழாமல் நிற்கும். கிடைமட்டத்திலிருந்து அந்தச் சாய்வு φ என்றால்

tan φ = f/N = gr/v²

இதைச் சற்று நின்று பாருங்கள். f/N என்பது அந்த நிமிடத்தில் பைக் 'செலவழிக்கிற' உராய்வுக் குணகம். கையிருப்பு μ. செலவு tan φ. செலவு கையிருப்பைத் தொட்டால் வழுக்கும். ஆக, ஓட்டுகிறவரின் சாய்வே ஒரு அளவுமானிதான். வேகமாகப் போகும்போது கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறார், செலவு குறைவு. வேகம் குறையக் குறைய நிமிர்கிறார், செலவு ஏறுகிறது. எல்லை வேகத்தில் அவர் சாய்வு சரியாக உராய்வுக் கோணத்துக்குச் சமம். μ = 0.6 என்றால் அது 31 டிகிரி. கிணற்றுக்கு மேலே நிற்கிறவர் ஸ்பீடாமீட்டரை எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, ஆள் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறார் என்று பார்த்தால் போதும்.

இந்தச் சாய்வினால்தான் நீங்கள் போட்ட 4.5 மீட்டர் சரியில்லாமல் போகிறது. சுவர் 4.5 மீட்டர் ஆரத்தில் இருக்கிறது, சக்கரமும் அங்கே இருக்கிறது. ஆனால் mv²/r-ல் வரும் r நிறை மையம் சுற்றும் வட்டத்தின் ஆரம். அது உள்ளே தள்ளி இருக்கிறது. தொடுபுள்ளியிலிருந்து நிறை மையம் வரை உள்ள தூரம் h என்றால்

r = R − h cos φ

சாலையில் ஒரு வளைவு ஐம்பது மீட்டர் ஆரம் என்றால் இந்த அரை மீட்டரை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கிணற்றிலோ மொத்தமே நாலரை மீட்டர். அதில் அரை மீட்டர் என்பது ஒன்பதில் ஒரு பங்கு.

சரி, கணக்குப் போடுவோம். நீங்கள் சொன்ன அளவுகளையே வைத்துக்கொள்கிறேன். R = 4.5 மீட்டர், μ = 0.6. h-க்கு 0.65 மீட்டர் வைக்கிறேன். சிறிய பைக், குனிந்து உட்கார்ந்த ஆள் என்றால் அது நியாயமான அளவு. எல்லையில் tan φ = 0.6, φ = 31°, cos φ = 0.857. ஆகவே r = 4.5 − 0.56 = 3.94 மீட்டர்.

நிறை மையத்தின் எல்லை வேகம் √(9.8 × 3.94 / 0.6) = 8.02 மீட்டர்/விநாடி, அதாவது மணிக்கு 29 கி.மீ. உங்கள் 31-ஐவிடக் குறைவு. 'அப்போ இன்னும் மெதுவாகப் போகலாமா சார்?' என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். ஸ்பீடாமீட்டர் நிறை மையத்தின் வேகத்தைக் காட்டுவதில்லை, சக்கரம் சுவரில் உருளும் வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. அதே நேரத்தில் 4.5 மீட்டர் ஆர வட்டத்தைச் சுற்றி வர வேண்டுமென்றால் சக்கரத்தின் வேகம் 8.02 × 4.5 / 3.94 = 9.16 மீட்டர்/விநாடி, மணிக்கு 33 கி.மீ.

ஆக மூன்று எண்கள். புத்தகக் கணக்கில் 31. ஆளின் நெஞ்சுக்குக் கீழே இருக்கும் நிறை மையத்துக்கு 29. டயருக்கு 33. ஒரே பைக், ஒரே நொடி. ஓட்டுகிறவரிடம் பேசும்போது அவர் டயர் வேகத்தைத்தான் சொல்கிறார். அதனால் ஒப்பிட வேண்டியது 33-ஐத்தான்.

இந்த வம்பே வேண்டாமென்றால் வேகத்தை விட்டுவிட்டுச் சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்கிடுங்கள். டயரும் நிறை மையமும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில்தான் முடிக்கின்றன, அதில் குழப்பமில்லை. எல்லையில்

T = 2π √(μr/g)

இது 3.1 விநாடி. அதற்கு மேல் ஒரு சுற்றுக்கு நேரம் எடுத்தால் கீழே வருவார்.

நான் கணக்கிட்டது இப்படித்தான். ஒரு வருடம் எங்கள் ஊர்ப்பக்கம் வந்த கிணற்றை என் தங்கை மகனும் நானும் அளந்தோம். உள்விட்டம் ஒன்பது மீட்டர். மேலே நின்று போனில் ஸ்டாப்வாட்சை வைத்துப் பத்துச் சுற்று எண்ணினோம். ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் விரல் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும், பத்து எண்ணினால் அந்தப் பிழை பத்தில் ஒன்றாகிவிடும். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரம்தான் எங்கள் குறி. அவன் எண்ண, நான் அழுத்த, பத்துச் சுற்றுக்கு 22 விநாடி வந்தது. சைலன்சர் கழற்றிய பழைய டூ ஸ்ட்ரோக் பைக். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, விரலைக் காட்டித்தான் எண்ணினான்.

சுற்றுக்கு 2.2 விநாடி என்றால் கோண வேகம் ω = 2π/2.2 = 2.86 ரேடியன்/விநாடி. இங்கே φ தெரியாது, φ தெரியாமல் r தெரியாது, r தெரியாமல் φ தெரியாது. பயப்பட வேண்டாம், ஊகித்துத் திருத்தினால் போதும். முதலில் முழுக்கப் படுத்துவிட்டார் என்று வைத்து r = 4.5 − 0.65 = 3.85 எடுத்தேன். tan φ = g/(ω²r) = 0.31, φ பதினேழு டிகிரி. அந்தப் பதினேழைத் திரும்பப் போட்டால் r = 3.88. மீண்டும் போட்டாலும் 0.31-தான். இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது.

அதாவது அவர் பதினேழு டிகிரி நிமிர்ந்து, 0.31 உராய்வைச் செலவழித்துக்கொண்டு போகிறார். டயர் வேகம் 2.86 × 4.5 = 12.85 மீட்டர்/விநாடி, மணிக்கு 46 கி.மீ. உங்கள் ஆள் சொன்ன நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். 0.6 கையிருப்பில் 0.31 செலவு, கிட்டத்தட்டப் பாதி. பாதியை எதற்கு மிச்சம் வைக்கிறார் என்பதுதான் மீதிக் கதை.

μ = 0.6 என்று கேள்வித்தாளில் கொடுத்துவிடுகிறார்கள். கிணற்றுப் பலகையில் யாரும் எழுதி வைப்பதில்லை. ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மர அறுவை மில்லில் இழைக்காத ஒரு பலகைத் துண்டு வாங்குங்கள். பஞ்சர் கடையில் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள். டயர்த் துண்டைப் பட்டன் பக்கம் கீழே இருக்கும்படி பலகைமேல் வைத்து, அதன்மேல் ஒரு செங்கல்லைக் கட்டி, பலகையை ஒரு பக்கம் மெதுவாகத் தூக்குங்கள். சரியத் தொடங்கும் கோணத்தின் tan-தான் μ. நான் செய்தபோது சுத்தமான பலகையில் 32 டிகிரி பக்கம் வழுக்கியது, 0.62. அப்புறம் முற்றத்து மண்ணைக் கைப்பிடி எடுத்துத் தூவி, தட்டிவிட்டு, மீண்டும் வைத்தேன். இருபது டிகிரியைத் தாண்டுவதற்குள் போய்விட்டது. 0.36. கண்ணுக்கு அந்தப் பலகை சுத்தமாகத்தான் தெரிந்தது.

நம் ஊரில் இது பெரிய விஷயம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயப்போட்டால் மண்ணோடுதான் எடுக்க வேண்டும். அந்தக் காற்றில் கூரையில்லாத மரக் கிணற்றை நட்டு வைத்தால் பலகையில் என்ன படியும்? ஆட்டம் தொடங்குமுன் ஒரு பையன் சாக்குத் துணியை வைத்துச் சுவரைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா நேரம் போக்குவதாக நான் முன்பு நினைத்தேன். அந்தச் சாக்கு 0.36-ஐ 0.6-க்குக் கொண்டுபோகிறது.

இன்னொன்று. செங்கல் வைத்துச் செய்யும் சோதனையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ரப்பர் நம் பாடப்புத்தகச் சட்டத்தை முழுக்க மதிப்பதில்லை. அழுத்தம் கூடும்போது அதன் உராய்வு விசை அதே விகிதத்தில் கூடாமல் கொஞ்சம் பின்தங்கும், அதாவது μ இறங்கும். கிணற்றில் டயரின்மேல் வரும் அழுத்தம் ரோட்டில் வருவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே செங்கல்லில் கிடைத்த 0.62 அங்கே அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒரு மாசி மாத சாயங்காலம் நாங்கள் டிக்கெட் எடுத்து மேலே ஏறிய பிறகு கோடை மழை பத்து நிமிடம் பிடித்துப் பெய்துவிட்டது. மழை விட்டும் ஆட்டம் தொடங்கவில்லை. கூட்டம் கத்தியது, காசைத் திருப்பிக் கொடு என்றது. கிணற்றுக்காரர் அசையவில்லை, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நனைந்த பலகையில் μ 0.3-க்கு இறங்கிவிட்டதாக வைத்தால் φ = 16.7°, r = 3.88, எல்லையில் சுற்று நேரம் 2.16 விநாடி, டயர் வேகம் மணிக்கு 47 கி.மீ. அவர் வழக்கமாக ஓட்டுவது 46. காய்ந்த சுவரில் பாதி மிச்சம் வைத்து ஓட்டுகிற அதே வேகம், நனைந்த சுவரில் எல்லைக்குக் கீழே விழுந்துவிடுகிறது. 'வேகத்தைக் கூட்டி ஓட்டலாமே' என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். கூட்டலாம். ஆனால் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நனைந்திருக்காது, ஒரு பலகையில் 0.5, அடுத்ததில் 0.2 என்று இருக்கும். 0.2 என்றால் டயர் வேகம் 58 வேண்டும். அந்த இடத்தில் μ எவ்வளவு என்று போய்த் தொட்ட பிறகுதான் தெரியும்.

இனி, வேகம் குறைந்தால் உண்மையில் என்ன நடக்கும்? எல்லை வேகம் என்ற சொல்லைக் கேட்டால், 33-ல் ஒட்டியிருப்பார், 32-ல் பொத்தென்று விழுவார் என்று தோன்றும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் மெதுவாக்கித்தானே கீழே இறங்குகிறார்? அவர் சுவரிலேயே எல்லையைத் தொடும்வரை காத்திருப்பதில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்டிலைக் கீழ்ப்பக்கம் லேசாகத் திருப்பி, சுருள்போல் கீழே வருகிறார். மிச்சம் இன்னும் கையில் இருக்கும்போதே அடியில் இருக்கிற சரிவுக்கு வந்துவிடுகிறார்.

அந்தச் சரிவு எதற்கு என்று பலர் கவனிப்பதில்லை. தரைக்கும் செங்குத்துச் சுவருக்கும் நடுவே சாய்வாக ஒரு பலகை வளையம் இருக்கும். அங்கே நிற்க எவ்வளவு வேகம் வேண்டும்? சரிவு θ கோணத்தில் இருந்தால்

v² = gr (tan θ − μ) / (1 + μ tan θ)

θ 90-ஐ நெருங்கினால் இது நம் பழைய gr/μ ஆகிவிடும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிச் சரிவில், μ = 0.6, r மூன்று மீட்டர் என்று வைத்தால் விடை 2.7 மீட்டர்/விநாடி, மணிக்குப் பத்து கி.மீ.தான். சைக்கிளே போகும். அங்கே சுற்றிச் சுற்றி வேகம் பிடித்த பிறகுதான் சுவருக்கு ஏறுகிறார். சுவரில் வேண்டிய வேகத்தைச் சுவருக்குப் போகுமுன்பே சேர்த்துவிட வேண்டும், போன பிறகு சேர்க்க நேரமில்லை. 1910-களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு தொடங்கியபோது முதலில் வந்தவை சாய்ந்த பலகை வட்டங்கள்தாம். 1911-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வந்தது அப்படிப்பட்டது. முழுக்கச் செங்குத்தான சுவர் 1915 வாக்கில் வந்தது. சூத்திரத்தில் θ-வை 45-லிருந்து 90-க்குக் கொண்டுபோனதைப்போல அவர்களும் சுவரை மெல்ல மெல்ல நிமிர்த்தியிருக்கிறார்கள்.

விபத்து எப்படி வருகிறது என்றால், பெரும்பாலும் எல்லாரும் நினைப்பதுபோல் வேகம் போதாமல் அல்ல. சுவரில் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உருளும் சக்கரத்தின் தொடுபுள்ளி அந்த நொடியில் சுவரைப் பொறுத்து நின்றுகொண்டிருக்கிறது, அங்கே வேலை செய்வது ஓய்வுநிலை உராய்வு. அது தேவையான திசையில், அதாவது நேர் மேலே, தாங்க முடியும். பூட்டிய சக்கரம் உரசிக்கொண்டு போகிறது. உரசும் உராய்வுக்குத் திசையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடையாது, பைக் எந்தத் திசையில் போகிறதோ அதற்கு நேர் எதிராகவே இழுக்கும். மேலே தாங்க ஒன்றும் மிச்சமில்லை. N மூன்று மடங்கு இருக்கிறதே, μ 0.6 இருக்கிறதே என்றாலும் பயனில்லை, அந்த உராய்வு முழுவதும் பின்னோக்கிப் போய்விட்டது. பின்சக்கரம் சுமந்த பங்கு எடையைத் தாங்க ஆளில்லை, பின்பக்கம் கீழே தொங்கிப் பைக் திரும்பிவிடும். வேகம் 46-ஆகவே இருந்தாலும் இது நடக்கும். எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றாலும் இதே கதைதான். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் கலப்பது குறைந்தால் பிஸ்டன் இறுகும் என்பதை நம் ஊர் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார். ரோட்டில் அப்படி நடந்தால் கிளச்சைப் பிடித்து ஓரம் கட்டலாம். கிணற்றில் கிளச்சைப் பிடிக்க அரை நொடிதான் கிடைக்கும்.

எஞ்சின் வெறுமனே அணைந்துபோனால் அவ்வளவு மோசமில்லை. கிளச்சைப் பிடித்துச் சக்கரத்தை உருள விட்டால் உராய்வு தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். டயரின் உருளல் தடையும் காற்றும் வேகத்தை மெதுவாகத்தான் தின்னும். 46-லிருந்து 33-க்கு இறங்குவதற்குள் அவர் சரிவுக்கு வந்துவிடலாம். மிச்சம் வைத்த பாதி இதற்கும்தான்.

அப்படியென்றால் அறுபது, எழுபதில் ஓட்டினால் இன்னும் பத்திரம்தானே என்று கேட்கலாம். உராய்வுக் கணக்கில் பத்திரம், உடம்புக்கு இல்லை. 46-லேயே அவரைச் சுவர் தள்ளும் முடுக்கம் 31.6 மீட்டர்/விநாடி², ஈர்ப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல். எடையையும் சேர்த்தால் உடம்பு உணர்வது ஏறக்குறைய 3.4 மடங்கு. அறுபது கிலோ ஆள் இருநூறு கிலோ கனப்பார். ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கப் பார்க்கும். டயர் வேகம் 60-க்குப் போனால் அது ஏறக்குறைய ஐந்தரை மடங்காகிவிடும், பயிற்சி இல்லாதவனுக்குக் கண் இருட்டிவிடும். கீழே வழுக்குதல், மேலே மயக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் அவர் ஓட்டுகிறார், அந்தச் சந்தில் 46 ஒரு நல்ல இடம்.

நிறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். பைக்கும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்றால் சுவரின்மேல் வரும் தள்ளல் 180 × 31.6, ஏறக்குறைய 5,700 நியூட்டன். கிட்டத்தட்ட 580 கிலோ எடையை வைத்து வெளிநோக்கித் தள்ளுவதற்குச் சமம். அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை, 2.2 விநாடிக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அதனால்தான் நாம் நிற்கிற மேடை ஆடுகிறது. அதனால்தான் வெளியே சுற்றிலும் இரும்புக் கயிறு கட்டி முறுக்கியிருக்கிறார்கள். எல்லை வேகத்துக்கு நிறை தேவையில்லை, கயிற்றுக்குத் தேவை.

நீங்கள் பார்த்த கிணறு ஒன்பது மீட்டர் விட்டம்தான் என்பதை எப்படி அளந்தீர்கள் என்று எழுதவில்லை. வெளிப்பக்கத்தைச் சுற்றி நடந்து அளந்திருந்தால் சட்டமும் பலகைத் தடிமனும் கழிய வேண்டும், உள்ளே R அதைவிடக் குறைவாக இருக்கும். அடுத்த முறை போகும்போது பத்துச் சுற்று எண்ணி வாருங்கள், 20 விநாடிக்கும் 25-க்கும் நடுவில் வரும் என்று நினைக்கிறேன். பரீட்சையில் மட்டும் r = 4.5 என்று கொடுத்தால் r = 4.5 என்றே போட்டு 31 என்று எழுதுங்கள் தம்பி. h cos φ-ஐக் கழித்தால் திருத்துகிறவர் தப்பென்று போட்டுவிடுவார்.